திருவிழாத் திடலில் ஒரு திரைப்படம்: குழித்துறையை முன்வைத்துப் பொதுத் திரையிடலின் அனுமதிகள்

குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், விளவங்கோடு வட்டத்தின் தலைமையிடமான குழித்துறையிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் கோயில் கொடையோ தேவாலயத் திருவிழாவோ வந்தால் திடலில் மேடை போடுவதும், அதில் வில்லுப்பாட்டும் நாடகமும் கானமேளாவும் இரவுதோறும் நடப்பதும் தலைமுறைகளாகத் தொடரும் வழக்கம். ஆடி அமாவாசையை ஒட்டி நகராட்சி நடத்தும் வாவுபலி பொருட்காட்சி இந்த வழக்கத்தின் மிகப் பெரிய வடிவம். இவ்வாறு பழகிய ஒரு விழாக் கமிட்டி, ஓர் இரவுக்கு நாடகத்துக்குப் பதிலாகத் திரைப்படம் காட்டலாம் என்று முடிவெடுக்கும்போது, மேடைக்குப் பதில் திரை, நடிகர்களுக்குப் பதில் புரொஜெக்டர் என்ற அளவிலேயே மாற்றத்தைக் காண்கிறது. டிக்கெட் இல்லை, லாபம் இல்லை, ஊர்த் திருவிழாதானே என்ற எண்ணத்தில் காவல் நிலையத்தில் மைக் செட்டுக்கு ஒரு மனு கொடுப்பதோடு வேலை முடிந்ததாகக் கருதுகிறது. ஆனால் இந்தியச் சட்டம் நாடகத்தையும் திரைப்படத்தையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. கமிட்டிகள் இடறுவது பெரும்பாலும் இந்த வேறுபாட்டில்தான்.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 52ஆம் பிரிவு, எந்தெந்தச் செயல்கள் உரிமை மீறல் ஆகா என்று நீண்ட பட்டியல் ஒன்றைத் தருகிறது. கட்டணம் வாங்காத பார்வையாளர் முன்போ, ஒரு சமய நிறுவனத்தின் நலனுக்காகவோ, தொழில்முறை அல்லாத ஒரு மன்றம் இலக்கிய, நாடக, இசைப் படைப்பை நிகழ்த்தினால் அது மீறல் ஆகாது என்று அப்பட்டியல் கூறுகிறது. உண்மையான சமயச் சடங்கின் போதும், மத்திய அரசோ மாநில அரசோ உள்ளாட்சி அமைப்போ நடத்தும் அதிகாரபூர்வ விழாவிலும் இத்தகைய படைப்புகளை நிகழ்த்துவதற்கும் ஒலிப்பதிவுகளை ஒலிக்கச் செய்வதற்கும் அதே பிரிவு விலக்கு அளிக்கிறது. திருவிழாவில் உள்ளூர் இளைஞர்கள் நாடகம் போடுவதும் பூசை நேரத்தில் பக்திப் பாடல் ஒலிப்பதும் தடையின்றி நடப்பதற்கு இந்த வாசகங்களே சட்ட ஆதாரம். ஆனால் இவ்விரண்டு விலக்குகளிலும் நாடகம் இருக்கிறது, இசை இருக்கிறது, ஒன்றில் ஒலிப்பதிவும் இருக்கிறது. திரைப்படம் மட்டும் இல்லை. சட்டம் திரைப்படத்தைத் தனி வகைப் படைப்பாகவே வரையறுப்பதால், பெயர் சொல்லாமல் விட்டதை உள்ளடங்கியதாகக் கொள்ள இடமில்லை. எனவே இலவசம் என்பதும் திருவிழா என்பதும் நாடகத்துக்குத் தரும் பாதுகாப்பைத் திரைப்படத்துக்குத் தருவதில்லை.

திரைப்படத்தின் உரிமையாளருக்குச் சட்டம் தரும் உரிமைகளில் ஒன்று, அப்படத்தைப் பொதுமக்களிடம் கொண்டுசெல்லும் உரிமை. பிரதி எடுத்துக் கொடுக்காமலேயே, ஒரு படைப்பைப் பொதுமக்கள் பார்க்கவோ கேட்கவோ துய்க்கவோ கிடைக்கச் செய்யும் எந்த முறையும் இதில் அடங்கும். கட்டணம் வாங்கினார்களா என்ற கேள்வி இந்த வரையறையில் இல்லை. பொதுமக்கள் என்பவர் யார் என்பதையும் நீதிமன்றங்கள் அகலமாகவே பார்த்துள்ளன. கேபிள் தொலைக்காட்சி தொடங்கிய காலத்தில், 1989இல், கார்வேர் பிளாஸ்டிக்ஸ் வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம், அவரவர் வீட்டுக்குள் அமர்ந்து பார்க்கும் சந்தாதாரர்களைக்கூடப் பொதுமக்கள் என்றே கொண்டது. அப்படியிருக்க, யாரும் வந்து உட்காரலாம் என்று திறந்து விட்ட ஒரு திடலைத் தனிப்பட்ட கூட்டம் என்று வாதிட வழியே இல்லை. குறுந்தகட்டை விலை கொடுத்து வாங்கியவர் தகட்டுக்கு உரியவரே தவிரப் பொதுத் திரையிடல் உரிமைக்கு உரியவர் அல்லர். ஓடிடி தளத்தின் மாதச் சந்தாவும் வீட்டுக்குள் பார்ப்பதற்கான அனுமதி மட்டுமே.

இங்கே திடலின் சொந்தக்காரரும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. உரிமை மீறலாக அமையும் திரையிடலுக்குத் தம் இடத்தை லாபத்துக்காக அனுமதிப்பவரும் மீறியவராகவே சட்டத்தால் கருதப்படுகிறார். அது மீறல் என்று தமக்குத் தெரியாது, அப்படி நினைக்கக் காரணமும் இல்லை என்று காட்டினால் மட்டுமே அவர் தப்ப முடியும். ஆகவே வாடகை வாங்கிக்கொண்டு மைதானம் தரும் நிர்வாகம், படத்தின் உரிமைக் கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்கிக் கோப்பில் வைப்பதே முறை.

திரைப்படத்தைப் பெயர் சொல்லிக் குறிக்கும் விலக்கு ஒன்றும் அதே 52ஆம் பிரிவில் உண்டு. கல்வி நிறுவனம் தன் செயல்பாட்டின் பகுதியாக, ஆசிரியர்கள், மாணவர்கள், அவர்களுடைய பெற்றோர், காப்பாளர், நிறுவனத்தோடு தொடர்புடையோர் ஆகியோர் மட்டுமே அமர்ந்திருக்கும் கூட்டத்தில் திரைப்படம் காட்டினால் அது மீறல் ஆகாது. பள்ளி மைதானத்தில் பெற்றோரை அழைத்துப் படம் காட்டும் ஆண்டு விழா இதனுள் வரும். அதே மைதானத்தின் கதவைத் திறந்து ஊரார் அனைவரையும் உள்ளே விட்டால் விலக்கு அந்த நிமிடமே போய்விடும். திரையும் இடமும் மாறாதபோதும் எதிரே அமர்ந்திருப்பவர் யார் என்பதே சட்டநிலையை மாற்றிவிடுகிறது.

உரிமையாளரைத் தேட மனமில்லாத கமிட்டிகள் வழக்கமாகச் சொல்லும் மாற்றுவழி, பழைய படம் ஒன்றைப் போட்டுவிடலாம் என்பது. இது பாதி சரி. அதன் மறுபாதியைப் புரிந்துகொள்ள ஒரு படத்தை எடுத்து ஆண்டுகளை எண்ணிப் பார்க்க வேண்டும். ராமு காரியாட் இயக்கிய 'செம்மீன்' குழித்துறைக்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் ஊர் அது. ஊரை ஒட்டி ஓடும் ஆறு தேங்காப்பட்டணத்தில் கடலில் சேர்கிறது. கடற்கரை மக்களின் வாழ்வைச் சொல்லும் அப்படத்தை இங்கே பார்ப்போருக்கு அதன் கடலும் மொழியும் அன்னியமாக இரா. திரைப்படத்தின் பதிப்புரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். 'செம்மீன்' 1965இல் வெளியானதால் 1966 ஜனவரி 1 முதல் எண்ணத் தொடங்கி, 2025 டிசம்பர் 31உடன் அந்தக் காலம் நிறைவுறுகிறது. இவ்வளவோடு கணக்கு முடிந்தால் 2026 முதல் அப்படத்தை எவரும் எங்கும் திரையிடலாம் என்று ஆகிவிடும்.

ஆனால் திரைப்படத்தின் பதிப்புரிமை, அப்படம் எந்தப் படைப்புகளிலிருந்து உருவானதோ அவற்றின் தனிப் பதிப்புரிமையைப் பாதிக்காது என்று சட்டத்தின் 13ஆம் பிரிவு கூறுகிறது. எழுத்துக்கும் இசைக்கும் உரிய காலம் வேறு விதமாகக் கணக்கிடப்படுகிறது. படைப்பாளி இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து அதற்கு 60 ஆண்டுகள் எண்ண வேண்டும். மூல நாவலை எழுதிய தகழி சிவசங்கரப் பிள்ளை 1999இல் மறைந்தார். நாவலின் உரிமை 2059 முடியும் வரை உண்டு. இசையமைத்த சலில் சௌத்ரி 1995இல் மறைந்தமையால் இசையின் உரிமை 2055 வரையும், பாடல்களை எழுதிய வயலார் ராமவர்மா 1975இல் மறைந்தமையால் பாடல் வரிகளின் உரிமை 2035 வரையும் நிற்கின்றன. நாவலைப் படமாக்கவும் படத்தோடு சேர்த்துக் காட்டவும் அன்று கையெழுத்தான ஒப்பந்தங்கள் எவ்வளவு காலத்துக்கு, எந்த வடிவங்களுக்கு என்று எழுதப்பட்டன என்பதைப் பொறுத்தே இந்த உரிமைகள் இன்று யார் கையில் இருக்கின்றன என்பது தீரும். படச்சுருளின் உரிமை தீர்ந்த பின்னும் கதையின் உரிமையும் பாட்டின் உரிமையும் உயிரோடு இருக்கக்கூடும் என்பதால், அறுபது ஆண்டு கடந்த படம் முழுப் பொதுச்சொத்து என்ற ஊர்ப்பேச்சை அப்படியே நம்புவது சரியன்று. எழுத்தாளரும் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் மறைந்த ஆண்டுகளைத் தனித்தனியே பார்த்து, ஐயம் எஞ்சினால் தயாரிப்பாளர் தரப்பிடமோ வாரிசுகளிடமோ எழுத்தில் ஒப்புதல் பெறுவதே பாதுகாப்பு. அத்தகைய பழைய படத்துக்கு நல்ல பிரதி வேண்டுமானாலும் அவர்களிடமே போக வேண்டியிருக்கும் என்பதால் அந்த அலைச்சல் வீணாகாது.

அண்மைக் காலப் படமானால் யாரிடம் கேட்பது என்பதில் வேறொரு குழப்பம் உண்டு. தமிழ்த் திரைத்துறை, மாநிலத்தை விநியோக ஏரியாக்களாகப் பிரித்து விற்கிறது. குமரி மாவட்டம் திருநெல்வேலியோடு சேர்ந்து டி.கே. ஏரியா எனப்படும். திரையரங்கு உரிமை ஏரியா விநியோகஸ்தரிடமும், தொலைக்காட்சி உரிமை ஒரு சேனலிடமும், இணைய உரிமை ஓர் ஓடிடி தளத்திடமும் பிரிந்து கிடக்கையில், திடலில் ஓர் இரவு காட்டும் உரிமை இவற்றில் எதனுள் அடங்கும் என்பது பல நேரம் விற்றவருக்கே தெளிவாக இராது. ஆகவே தயாரிப்பாளரிடமிருந்து தொடங்கி, அந்த உரிமை தம்மிடமே இருக்கிறது அல்லது இன்னாரிடம் விற்கப்பட்டுவிட்டது என்ற பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு அடுத்தவரிடம் போவதே நேர்வழி. கிடைக்கும் அனுமதிக் கடிதத்தில் படத்தின் பெயர், திரையிடும் நாள், இடம், எத்தனை காட்சி, கட்டணம் உண்டா இல்லையா, எந்தப் பிரதியைக் கொண்டு காட்டுவது ஆகியவை தெளிவாக இருக்க வேண்டும். "ஆட்சேபணை இல்லை" என்ற ஒற்றை வரியில் நாளும் இடமும் இல்லாவிட்டால், சிக்கல் வரும் வேளையில் அது கைகொடுக்காது. படம் எடுத்தவரே காட்டுபவராகவும் இருந்தால் இந்த அலைச்சல் முழுதும் மறைந்துவிடும். எல்லைக்கு அப்பால் கேரளத்தில் இயக்குநர் ஜான் ஆபிரகாம், 1980களில் ஒடேசா என்ற கூட்டமைப்பை உருவாக்கி, மக்களிடம் ஊர் ஊராகப் பணம் திரட்டி எடுத்த 'அம்ம அறியான்' படத்தை மக்களிடமே கொண்டுசென்று காட்டியபோது, திரையிடும் உரிமையை வேறொருவரிடம் கேட்க வேண்டிய நிலையே அவர்களுக்கு இல்லை. உள்ளூர் இளைஞர்களின் குறும்படத்தையோ ஆவணப்படத்தையோ தேர்ந்தெடுக்கும் கமிட்டிக்கும், பாடல்களை வேறெங்கிருந்தும் எடுத்து ஒட்டவில்லை என்றால், இதே நன்மை கிட்டும்.

எனினும் அத்தகைய குறும்படத்துக்கு இன்னொரு தடை காத்திருக்கிறது. அரசமைப்புச் சட்டம் திரைப்படம் பற்றிய அதிகாரத்தை இரண்டாகப் பிரித்திருக்கிறது. படத்தைத் திரையிட ஒப்புதல் அளிப்பது ஒன்றியப் பட்டியலின் 60ஆம் பதிவில் இருக்கிறது. அதற்கு உட்பட்டுத் திரையரங்குகளை ஒழுங்குபடுத்துவது மாநிலப் பட்டியலின் 33ஆம் பதிவில் இருக்கிறது. முதல் அதிகாரத்தின் வழி வந்தது 1952ஆம் ஆண்டின் ஒளிப்பதிவுச் சட்டம். பொதுத் திரையிடலுக்கு வரும் எந்தப் படமும் மத்திய திரைப்படச் சான்றிதழ் வாரியத்தின் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும் என்பது அதன் விதி. யூடியூபில் ஆயிரக்கணக்கானோர் பார்த்த குறும்படத்துக்குச் சான்றிதழ் தேவைப்படவில்லையே என்று கேட்கலாம். இணையத்தில் அது கிடப்பது வேறு, திடலில் ஊரைக் கூட்டிக் காட்டுவது வேறு, பின்னது இச்சட்டத்தின் பொருளில் பொதுத் திரையிடல். சான்றிதழ் இல்லாத படத்தைக் காட்டினால் மூன்றாண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. படத்தின் தொடக்கத்தில் ஓடும் சான்றிதழைப் படித்தே அதன் வகையை அறியலாம். வெளிநாட்டுக் குறுந்தகட்டில் அது இல்லையென்றால் அதுவே முதல் எச்சரிக்கை.

சான்றிதழின் வகையும் திடலைப் பொறுத்தவரை முடிவானது. 2023இல் வந்த திருத்தத்துக்குப் பின் யு/ஏ என்ற வகை 7, 13, 16 வயதை ஒட்டி மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது; இவை பெற்றோருக்கான வழிகாட்டுதல் மட்டுமே. ஆனால் ஏ சான்றிதழ் பெற்ற படத்தை 18 வயது நிரம்பாதவருக்குக் காட்டுவது குற்றம். நான்கு பக்கமும் திறந்த மைதானத்தில் வாசலே இல்லாதபோது வயதைச் சரிபார்க்கும் கேள்விக்கு இடமில்லை; ஆகவே திறந்தவெளித் திரையிடலுக்கு ஏ வகைப் படம் நடைமுறையில் கூடாது. அதே 2023 திருத்தம், திருட்டுப் பிரதியை லாபத்துக்காகப் பொதுவில் காட்டுவதையும் தனிக் குற்றமாக்கி, குறைந்தது மூன்று மாதச் சிறையும் மூன்று லட்சம் ரூபாய் அபராதமும் வைத்திருக்கிறது. டெலிகிராமில் இறக்கிய கோப்பைப் பென் டிரைவில் கொண்டு வருகிறவர் கமிட்டிக்கு உதவி செய்யவில்லை.

மாநில அதிகாரத்தின் வழி வந்தது 1955ஆம் ஆண்டின் தமிழ்நாடு திரையரங்குகள் ஒழுங்குமுறைச் சட்டம். உரிமம் பெற்ற இடத்தில் அன்றி வேறெங்கும் திரைப்படக் கருவி கொண்டு காட்சி நடத்தலாகாது என்று அது சொல்கிறது. உரிமம் தரும் அதிகாரி மாவட்ட ஆட்சியர். ஓர் இரவு காட்டும் படத்துக்கு எதற்கு ஆட்சியர் என்ற வியப்பு நியாயமானதே. அதன் விடை பழைய படச்சுருளில் இருக்கிறது. தொடக்க காலப் படச்சுருள் நைட்ரேட் என்னும், எளிதில் தீப்பற்றும் பொருளால் ஆனது. பற்றினால் அணைப்பது அரிது. 1897 மே மாதம் பாரிஸில் ஓர் அறப்பணிச் சந்தையில் படக்கருவியின் விளக்கிலிருந்து எழுந்த தீ நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. 1909இல் பிரிட்டனிலும், 1918இல் பிரிட்டிஷ் இந்தியாவிலும் வந்த சட்டங்கள் படம் காட்டும் இடத்துக்கு உரிமம் கேட்டதற்கு இந்தத் தீயச்சம் முதன்மையான காரணம். கோவையின் சாமிக்கண்ணு வின்சென்ட் 1905 முதல் கூடாரத்தோடு ஊர் ஊராகச் சென்று படம் காட்டிய தொழிலே பின்னாளில் டூரிங் டாக்கீஸாகப் பெருகியது. தென்னங்கீற்றுக் கொட்டகையும் சூடான விளக்கும் சேர்ந்த அந்த இடங்களுக்கு இந்த விதிகள் தேவையாகவே இருந்தன. நைட்ரேட் சுருள் வழக்கொழிந்து போனாலும், கூட்டம் வெளியேறும் வழி, மின்கம்பிகளின் பாதுகாப்பு, தீயணைப்பு வண்டி நுழையும் அகலம் ஆகிய கேள்விகள் மாறவில்லை.

புரொஜெக்டரும் மடிக்கணினியும் பழைய படக்கருவி அல்லவே என்ற வாதமும் எடுபடாது. அசையும் படங்களைக் காட்டும் எந்தச் சாதனத்தையும் உள்ளடக்கும்படி ஒன்றியச் சட்டத்தின் வரையறை அமைந்திருக்கிறது. வீடியோ கேசட் பரவியபோது அதற்கெனவே தமிழ்நாடு 1984இல் தனிச் சட்டம் இயற்றியது. எனவே குழித்துறைக் கமிட்டி நாள் நெருங்குமுன், குறைந்தது ஒரு மாதம் முன்பே, நாகர்கோவிலில் உள்ள ஆட்சியர் அலுவலகத்துக்கு எழுத்தில் மனு கொடுப்பது நல்லது. அதோடு உரிமைக் கடிதம், தணிக்கைச் சான்றிதழின் நகல், திடலின் வரைபடம், இட உரிமையாளரின் ஒப்புதல் ஆகியவற்றை இணைக்க வேண்டும். தீயணைப்புத் துறைக்கும் காவல்துறைக்கும் நகல் அனுப்ப வேண்டும். தற்காலிக அனுமதியோ, விலக்கோ, எதுவாயினும் பதில் எழுத்தில் வர வேண்டும். வாய்மொழியாகச் சொன்ன "பரவாயில்லை, நடத்துங்கள்" என்பது அதிகாரி மாற்றலாகிப் போனால் அவரோடு போய்விடும்.

ஒலிக்கான விதி 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் இருக்கிறது. இரவு 10 மணிக்குப் பின் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மருத்துவமனை, கல்வி நிறுவனம், நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கப்படக்கூடும். நீதிமன்றமும் அரசு மருத்துவமனையும் உள்ள குழித்துறையில் திடலைத் தேர்வதற்கு முன் நாடாவோடு அளந்து பார்க்க வேண்டிய தூரம் அது. திடலின் எல்லையில் ஒலியின் அளவு, அப்பகுதிக்குரிய அளவைவிட 10 டெசிபலுக்கு மேலோ, 75 டெசிபலுக்கு மேலோ போகக் கூடாது, இரண்டில் எது குறைவோ அதுவே வரம்பு; குடியிருப்புப் பகுதியின் பகல் அளவு 55 என்பதால் அங்கே வரம்பு 65 ஆகிறது. திரைக்கு அருகே இரண்டு பெரிய பெட்டிகளை முழு ஒலியில் வைப்பதைவிட, கூட்டத்தின் நடுவிலும் இரண்டு சிறு பெட்டிகளை வைத்துக் குறைந்த ஒலியில் ஓட்டினால் கடைசி வரிசைக்கும் வசனம் புரியும், எல்லையிலும் அளவு மீறாது.

திரையைப் பற்றி இரண்டு செய்திகள் முக்கியம். முதலாவது வெளிச்சம். 16 அடிக்கு 9 அடித் திரையின் பரப்பு 144 சதுர அடி. அதற்கு 4000 லூமென் புரொஜெக்டர் போதும் என்று கணக்கு சொன்னாலும், வாடகைக்கு வரும் பழைய கருவிகள் அச்சிட்ட அளவில் பாதியைக்கூடத் தருவதில்லை. முந்தைய நாள் இரவு அதே திடலில் ஓட்டிப் பார்த்து, இருண்ட காட்சியில் முகங்கள் தெரிகின்றனவா என்று கடைசி வரிசையிலிருந்து பார்ப்பதே சோதனை. தெரியவில்லை என்றால் கருவியைக் குறை சொல்வதற்கு முன், அருகிலுள்ள உயர்கோபுர விளக்கை அந்த நேரத்துக்கு அணைத்துத் தர நகராட்சியிடம் கேட்க வேண்டும். இரண்டாவது காற்று. அதே திரையின் மீது மணிக்கு 36 கிலோமீட்டர் வேகக் காற்று நேராக அடித்தால் ஏறத்தாழ 80 முதல் 100 கிலோ எடைக்குச் சமமான விசை விழும். மூங்கிலை மண்ணில் ஊன்றி மட்டும் நிறுத்திய சட்டம் அதைத் தாங்காது. பின்பக்கம் சாய்ந்த முட்டுகளும் இழுகயிறுகளும் கட்டாயம், திரையின் கீழ் ஓரத்தைச் சற்றுத் தளர்வாகக் கட்டினால் பலத்த காற்று ஒதுங்கிப் போகும். திரையின் வயிறு பாய்மரம்போல் புடைத்து நிற்கத் தொடங்கினால், முன்வரிசைக் குழந்தைகளை உடனே பின்னுக்கு நகர்த்திவிட்டுத் திரையை இறக்க வேண்டும்.

காலத் தேர்விலும் குழித்துறைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே இம்மாவட்டத்தில் பெய்வதால், ஆடியில் நடக்கும் வாவுபலிக் காலம் திறந்தவெளித் திரைக்கு உகந்ததல்ல. தை, மாசி மாதங்களே மழையும் காற்றும் ஓரளவு அடங்கியவை. பிப்ரவரி நடுவில் இங்கே சூரியன் மாலை 6.35 மணி அளவில் மறையும். திரையில் படம் தெளிவாகத் தெரியும் அளவுக்கு இருட்ட 7 மணி ஆகும். 7.15க்குத் தொடங்கும் இரண்டே கால் மணி நேரப் படம் 9.30க்கு முடியும். நடுவில் மின்சாரம் தடைபட்டாலும் நிகழ்ச்சி 10 மணியைத் தாண்டாமல் இருக்க, எஞ்சியிருக்கும் அரை மணி நேரத்தை வரவேற்புரைக்கும் பொன்னாடைக்கும் கொடுத்துவிடாமல், அவற்றைப் படத்துக்கு முன், இருட்டுவதற்குள் முடித்துக்கொள்ள வேண்டும்.